புஜக்கட்டை ஏன் முழங்காலோடு சேர்ந்து ஆடுகிறது?

பாலாற்று மணல் | மே 3, இரவு 11.10

யூனிட்டியில் ஒரு கூத்து விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஆடுபவர் தன் வேடத்தைத் தானே கட்டிக்கொள்ளலாம்: எந்தக் கிரீடம், எந்தப் புஜக்கட்டை, என்ன நிறப் பாவாடை என்று. மேடையில் அதிகபட்சம் 12 பேர். ஒவ்வொருவரும் ஆறு துண்டு: உடல், முகம், பாவாடை, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். எல்லாத் துண்டும் தனித்தனி ஸ்கின்டு மெஷ். ஆக ஒரு ஃபிரேமுக்கு வரையச் சொல்லும் அழைப்பு, அதாவது டிரா கால், 72. நிழலுக்கு இன்னொரு 72. மொத்தம் 144. என் பழைய போன் திணறுகிறது.

ஆறையும் ஒரே மெஷ் ஆக்கி, 62 எலும்புள்ள ஒரே எலும்புக்கூட்டில் மாட்டினேன். இரண்டு விபரீதம். ஒன்று, எண்ணிக்கை இம்மியும் குறையவில்லை, அதே 144. இரண்டு, துரியோதனன் காலைத் தூக்கி அடவு போட்டால் இடது புஜக்கட்டை தோளை விட்டு முழங்காலோடு கிளம்புகிறது. கிரீடத்தைக் காணவே இல்லை.

மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். எங்கே தப்பு?

கோட்டை அகழி | மே 3, இரவு 11.42

சேர்ப்பதே வீண் வேலை. எல்லாத் துண்டுக்கும் ஒரே மெட்டீரியலைக் கொடுத்து, அதில் இன்ஸ்டன்சிங் என்ற பெட்டியில் டிக் அடித்துவிடுங்கள். மீதியை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். நான் மரங்களுக்கு அப்படித்தான் செய்தேன், முன்னூறு மரம் ஒரே அழைப்பில் வந்தது.

தறிக்குழி | மே 4, காலை 6.05

அகழி சொன்னதில் பாதி சரி. ஒரே மெட்டீரியல் வேண்டும் என்பது சரி. ஆனால் மரம் வேறு, ஆள் வேறு. ஸ்கின்டு மெஷ் ரெண்டரருக்கு இன்ஸ்டன்சிங் கிடையாது. ஸ்டாட்டிக், டைனமிக் என்ற இரண்டு பேட்சிங்கும் அதைத் தொடாது. பெட்டியில் டிக் அடிக்கலாம், ஒன்றும் நடக்காது.

மணல் தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு விடை மெட்டீரியல் பட்டியலில் இருக்கிறது. சேர்த்த மெஷ்ஷைத் தேர்ந்தெடுத்து, அதில் எத்தனை மெட்டீரியல் என்று பாருங்கள். ஆறு இருக்கும். மெஷ் ஒன்றானாலும் உள்ளே ஆறு சப்மெஷ் அப்படியே கிடக்கிறது, சப்மெஷ்ஷுக்கு ஒரு அழைப்பு. ஆறு மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறீர்கள், இறக்கும்போது இன்னும் ஆறு மூட்டைதான். ஒரே மெட்டீரியல், அதற்காக ஒரே டெக்ஸ்சர், அதன் பிறகு `CombineMeshes` அழைப்பில் சப்மெஷ்களையும் சேர்க்கச் சொல்லும் `true`. இந்த வரிசையில்தான் எண் இறங்கும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சோதனை. அனிமேட்டரை நிறுத்துங்கள். எலும்புக்கூட்டை அது கட்டப்பட்ட முதல் நிலையில் நிறுத்துங்கள். அப்போது புஜக்கட்டை எங்கே இருக்கிறது, கிரீடம் எங்கே இருக்கிறது? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மத்தளச் சத்தம் | மே 4, காலை 9.30

செய்யாறு பக்கம். நாற்பது வருஷமாகக் கூத்தோடு இருக்கிறேன். புஜக்கட்டை முழங்காலுக்கு இறங்குகிறது என்றால் கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை. தோளில் சும்மா வைத்தால் நிற்காது. அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் இழுத்து முடிய வேண்டும். யார் உங்களுக்கு வேடம் கட்டிவிட்டது?

பாலாற்று மணல் | மே 4, காலை 10.15

ஐயா, இது கணினியில் ஆடும் பொம்மை. கயிறு இல்லை.

மத்தளச் சத்தம் | மே 4, காலை 10.21

கயிறு இல்லாமல் எப்படி நிற்கும் என்றுதான் கேட்கிறேன்.

பாலாற்று மணல் | மே 4, இரவு 10.50

தறிக்குழி அக்கா சொன்ன சோதனையைச் செய்தேன். ஒரு தடவை தப்பாகச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அனிமேட்டரை நிறுத்துவதற்குப் பதிலாகச் சும்மா நிற்கும் அசைவை ஓடவிட்டுப் பார்த்தேன். அதில் கை தொங்கிக்கொண்டிருக்கும். எலும்புக்கூடு கட்டப்பட்டதோ கைகளை இரண்டு பக்கமும் நீட்டிய நிலையில். அதனால் எல்லாமே கோணலாகத் தெரிந்து, எல்லாமே தப்பு என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகு சரியாகச் செய்தபோது:

புஜக்கட்டை தோளில் கச்சிதமாக இருக்கிறது. ஆடத் தொடங்கினால்தான் ஓடுகிறது.

கிரீடம் நிற்கும்போதே இல்லை. கேமராவைத் தரையோடு தரையாக இறக்கித் தேடினேன். இரண்டு பாதங்களுக்கும் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில், மிளகளவு ஒரு கிரீடம். கண்ணாடிச் சில்லெல்லாம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தறிக்குழி | மே 5, காலை 5.50

அப்படியானால் இரண்டும் வேறு வேறு நோய்.

மெஷ்ஷின் ஒவ்வொரு முனையிலும் "என்னை இழுப்பது 14-ஆம் எலும்பு" என்று ஒரு எண் எழுதியிருக்கிறது. அந்த 14 அந்தத் துண்டின் சொந்தப் பட்டியலில் 14. உடல் துண்டின் பட்டியலில் 14 தோளாக இருக்கலாம், புஜக்கட்டை துண்டின் பட்டியலில் மொத்தமே நான்கு எலும்புதான் இருக்கும். துண்டுக்குத் துண்டு வரிசை மாறும். நீங்கள் எண்களை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். புஜக்கட்டையின் 2 மேல்கை, உடலின் 2 முழங்கால். அதுதான் காலோடு கிளம்புகிறது.

பிறகு ஏன் நிற்கும்போது சரியாக இருந்தது என்று கேட்பீர்கள். `bindposes` என்ற அணியில் எலும்புக்கு ஒன்றாக ஒரு மேட்ரிக்ஸ் இருக்கிறது. கட்டிய நேரத்தில் அந்த எலும்பு நின்ற இடத்தை அது கழித்துவிடும். பிறகு எலும்பு இப்போது நிற்கும் இடத்தைக் கூட்டுகிறோம். கட்டிய நிலையிலேயே நின்றால் கழித்ததும் கூட்டியதும் ஒன்று, எந்த எலும்பை எடுத்தாலும் விடை ஒன்றே. அதனால் எண் தப்பானாலும் நிற்கும்போது தெரியாது. ஆடினால் தெரியும்.

கிரீடத்தின் நோய் அந்த மேட்ரிக்ஸிலேயே. எண் சரியாகத் தலையைச் சொன்னாலும் கழிக்கும் கணக்கு உடலுடையது. கிரீடத்தை வேறு கோப்பிலிருந்து ஏற்றுமதி செய்தீர்களா? அளவு நூறு மடங்கு மாறியிருக்குமே?

பாலாற்று மணல் | மே 5, காலை 8.20

ஆமாம். கிரீடம் குடியாத்தத்து நண்பன் பிளெண்டரில் செய்தது. அவனுடைய கோப்பில் எலும்புக்கூட்டின் அளவு 100 என்று காட்டுகிறது, என்னுடையதில் 1. தனித்தனியாக மாட்டியபோது இரண்டும் ஒழுங்காக இருந்ததால் கவனிக்கவே இல்லை. 40 சென்டிமீட்டர் கிரீடம் நூறில் ஒரு பங்காகி 4 மில்லிமீட்டர், மிளகுதான்.

அவனைத் திரும்ப ஏற்றுமதி செய்யச் சொல்லலாம். ஆனால் இதுவரை 31 கிரீடம் செய்து கொடுத்திருக்கிறான். அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

காட்பாடி ஜங்ஷன் | மே 5, மதியம் 1.05

என் கிரிக்கெட் விளையாட்டிலும் இதே தொல்லை. மைதானத்தில் 200 பார்வையாளர். எல்லாரையும் ஒரே எலும்புக்கூட்டில் சேர்த்துவிடலாமா?

தறிக்குழி | மே 5, மாலை 7.30

ஜங்ஷன், ஒரே எலும்புக்கூட்டில் சேர்த்தால் 200 பேரும் ஒரே ஆளாகக் கை தட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு: அசைவை டெக்ஸ்சரில் எழுதிவைத்து ஷேடரில் படிப்பது. அப்போது ஸ்கின்டு மெஷ்ஷே வேண்டாம், அகழியின் மரக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். அதற்குத் தனி இழை போடுங்கள்.

மணல் தம்பி, நண்பனை விட்டுவிடுங்கள். எலும்புப் பட்டியலில் ஒரே எலும்பு இரண்டு தடவை வரலாம், யாரும் தடுக்கவில்லை. தலை ஒரு தடவை உடலின் மேட்ரிக்ஸோடு, இன்னொரு தடவை கிரீடத்தின் மேட்ரிக்ஸோடு. கிரீடத்தின் முனைகள் இரண்டாவதைச் சுட்டட்டும். பலர் கிரீடத்தின் முனைகளை உடலின் அளவுக்கு மாற்றி எழுதுவார்கள். அளவு மட்டும் வேறு என்றால் அதுவும் சரிதான். ஆனால் எலும்பு கட்டிய நிலையே வேறு என்றால் பல எலும்புகள் பங்கிடும் முனைகளில் அந்த வழி தோராயமாகத்தான் வரும். இந்த வழி துல்லியமாக வரும்.

```csharp
int Idx(Transform b, Matrix4x4 bp) {
    for (int i = 0; i < bones.Count; i++)
        if (bones[i] == b && Same(binds[i], bp))
            return i;
    bones.Add(b); binds.Add(bp);
    return bones.Count - 1;
}
```

`b` என்பது பொது எலும்புக்கூட்டில் பெயரால் தேடிப் பிடித்த எலும்பு, துண்டோடு வந்த எலும்பு இல்லை. `Same` என்பதை நீங்கள் எழுதுங்கள். 16 எண்களையும் சிறு வித்தியாசம் பொறுத்து ஒப்பிட வேண்டும். துல்லியமாக ஒப்பிட்டால் ஏற்றுமதியில் ஏழாவது தசமத்தில் வரும் தூசுக்கெல்லாம் புது எலும்பு சேரும்.

பாலாற்று மணல் | மே 7, இரவு 12.30

வேலை செய்கிறது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

ஒவ்வொரு முனையின் `boneIndex0` முதல் `boneIndex3` வரை நான்கையும் `Idx` தரும் எண்ணால் மாற்றினேன். எடை சுழியமாக இருக்கும் இடத்தையும் விடாமல் மாற்ற வேண்டும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். எடை இல்லாவிட்டாலும் எண் பட்டியலை மீறக்கூடாது.

எலும்புப் பட்டியல் இப்போது 65. முதலில் நான் `CombineMeshes` கொடுத்ததை அப்படியே நம்பியபோது 170-ஐத் தாண்டியிருந்தது, ஏனென்றால் அது ஒவ்வொரு துண்டின் பட்டியலையும் அடுக்கிக்கொண்டே போகிறது. 62-க்கு மேல் மூன்று எப்படி என்று பார்த்தேன். ஒன்று கிரீடத்துக்கான தலை. மற்ற இரண்டும் இடது, வலது மேல்கை. புஜக்கட்டையைக் கை சற்றுத் தாழ்ந்த நிலையில் கட்டியிருக்கிறேன். அது என் சொந்தக் கோப்பு. நண்பனைத் திட்டியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மத்தளச் சத்தம் | மே 7, காலை 7.15

மேல்கையா? புஜக்கட்டையை மேல்கையில் யாரும் கட்டுவதில்லை. தோளில் நிற்பது அது. கை தூக்கினால் தோளோடு கொஞ்சம் எழும்பும், அவ்வளவுதான். மரம் தம்பி, ரப்பர் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் கட்டை வாழைப்பட்டை மாதிரி வளைந்திருக்கிறது.

பாலாற்று மணல் | மே 7, காலை 9.40

ஐயா சொன்னதைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உடலின் எடையை அப்படியே கட்டைக்கு நகலெடுத்திருந்தேன். தோளுக்குப் பாதி, மேல்கைக்குப் பாதி. மரத்தை வளைத்தது நான்தான்.

இப்போது கட்டையின் எல்லா முனைக்கும் ஒரே எலும்பு: தோள்பட்டை எலும்பு, எடை 1. மேல்கைக்கு வேலையே இல்லை, அதனால் அந்த இரண்டு உபரி எலும்பும் பட்டியலிலிருந்து தாமாகவே போய்விட்டன. 65 இப்போது 63. மார்ப்பதக்கமும் மரம்தானே என்று அதையும் மார்பு எலும்பு ஒன்றில் நிறுத்தினேன். கட்டை கட்டையாக இருக்கிறது.

தறிக்குழி | மே 7, காலை 9.58

கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்தான் விடையைச் சொல்லியிருக்கிறார். என் இரட்டை எலும்பு உபாயம் இந்தக் கட்டைக்குத் தேவையே இல்லை. கிரீடத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

பாலாற்று மணல் | மே 9, இரவு 11.55

அடுத்தது டெக்ஸ்சர். எல்லாவற்றையும் 2048 சதுரத்தில் ஒரே அட்லஸ் ஆக்கினேன். ஆறு மெட்டீரியல் ஒன்றானது. ஃபிரேம் டீபக்கரைத் திறந்தால் ஆளுக்கு ஒரே வரி. 12 அழைப்பு, நிழலுக்கு 12.

சந்தோஷத்தில் பீமனைத் திருப்பிப் பார்த்தேன். பாவாடை முழுக்க வரிசையாக மீசை.

பாவாடையின் துணி சின்னக் கோடுபோட்ட சதுரம், அதை இடுப்பைச் சுற்றி எட்டு தடவை திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தேன். தனி டெக்ஸ்சராக இருந்தவரை ஓரத்தைத் தாண்டினால் மறுபடி துணிதான் வரும். அட்லஸில் ஓரத்தைத் தாண்டினால் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டில் முகம் குடியிருந்தது.

தறிக்குழி | மே 10, காலை 6.20

படத்தைப் பார்த்துத் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

சேலைக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். பாவாடைத் துணியை அட்லஸின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை முழு அகலத்துக்கு ஒரு பட்டையாக ஓடவிடுங்கள், உயரம் 256 போதும். டெக்ஸ்சரின் ராப் முறை ரிபீட் என்று இருந்தால், வலது ஓரம் தாண்டியதும் இடது ஓரத்தில் அதே பட்டை தொடரும். கிடைத் திசையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றலாம். மேலும் கீழும் மட்டும் தாண்டக்கூடாது.

பட்டைக்கு மேலும் கீழும் எட்டு பிக்சல் அதே நிறத்தை இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆள் தூரம் போனதும் சிறிய மிப்களில் பக்கத்து நிறம் கசியும். பக்கத்தில் நின்றால் தெரியாது, மேடையின் பின்வரிசையில்தான் கோடு கோடாகத் தெரியும்.

கோட்டை அகழி | மே 10, காலை 11.00

என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன், ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. நான் யூஆர்பி பயன்படுத்துகிறேன். அதில் எஸ்ஆர்பி பேட்சர் இருக்கிறது, ஸ்கின்டு மெஷ்ஷையும் ஏற்கும். ஒன்றும் சேர்க்காமல் அதை மட்டும் போட்டதிலேயே என் போனில் திணறல் நின்றுவிட்டது. இவ்வளவு பாடு தேவையா?

தறிக்குழி | மே 10, மதியம் 2.15

அது எண்ணிக்கையைக் குறைக்காது, ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் செய்யும் ஏற்பாட்டின் விலையைக் குறைக்கும். உங்கள் போனில் அது போதும் என்றால் போதும். மணலின் போனில் போதுமா என்று அவர்தான் அளக்க வேண்டும். இன்னொன்று, சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் முனைகளை எலும்போடு அசைக்கும் வேலை அதேதான். போன் அதில் திணறினால் இந்த இழையே தண்டம்.

பாலாற்று மணல் | மே 12, இரவு 11.20

அளந்தேன். ஆனால் கத்திரி வெயிலில் அளந்தேன். சத்துவாச்சாரியில் மொட்டைமாடி அறை; மதியம் போன் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மதியம் சேர்த்த பதிப்பை ஓட்டினால் காலையில் ஓட்டிய சேர்க்காத பதிப்பைவிட மெதுவாக இருக்கிறது. இதை நம்பி அக்காவோடு சண்டைக்கு வரவிருந்தேன். இப்போது விடிகாலையில், இரண்டையும் மாற்றி மாற்றி, இரண்டு நிமிஷம் ஓட்டி, பத்து நிமிஷம் ஆறவிட்டு அளக்கிறேன். சேர்த்ததுதான் வேகம். ஆனால் அகழியின் பேட்சரை மட்டும் போட்ட பதிப்பும் நான் நினைத்த அளவு பின்தங்கவில்லை. இதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை.

வேறு தொல்லை: கண் இமைக்கவில்லை. வாய் அசையவில்லை. சேர்த்ததில் முகத்தின் பிளெண்ட் ஷேப் எல்லாம் போய்விட்டது.

தறிக்குழி | மே 13, காலை 5.45

`CombineMeshes` அவற்றைத் தூக்கிப்போட்டுவிடும். ஒவ்வொரு சட்டகமாகப் படித்து `AddBlendShapeFrame` மூலம் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் முழு உடலின் முனை எண்ணிக்கைக்கும் அணி கட்ட வேண்டும். அசையாத இடமெல்லாம் சுழியம். நானாக இருந்தால் முகத்தைச் சேர்க்காமல் தனியாக விடுவேன். ஆளுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு அழைப்பு, உலகம் முடிந்துவிடாது.

பாலாற்று மணல் | மே 13, இரவு 9.30

விட்டுவிட்டேன். உடலும் அணியும் 12, முகம் 12, நிழல் 12. மொத்தம் 36. முகத்தின் நிழலை அணைத்துவிட்டேன். அத்தனை பெரிய கிரீடத்தின் நிழலுக்குள் முகம் எங்கே தெரியப்போகிறது?

பாலாற்று மணல் | மே 16, காலை 7.00

மேலே எழுதியதற்குத் திருத்தம். படுகளக் காட்சியில் துரியோதனன் கிரீடம் கழன்று விழ வேண்டும். சேர்த்த மெஷ்ஷில் கிரீடத்தை மட்டும் மறைக்க வழியில்லை.

நேற்று இரவு தூக்கம் வராமல் யோசித்ததில் கிடைத்தது இது. கிரீடத்துக்கென்று தலைக்குக் கீழ் ஒரு தனி எலும்பு வைத்தேன், கிரீடத்தின் முனைகள் அதை மட்டும் சுட்டுகின்றன. விழும் நேரத்தில் அந்த எலும்பின் அளவைச் சுழியமாக்குகிறேன். கிரீடம் ஒரு புள்ளியாகச் சுருங்கித் தலைக்குள் போய்விடுகிறது. அதே நொடியில் தனியாக ஒரு கிரீடத்தைத் தரையில் உருளவிடுகிறேன். 63 இப்போதும் 63தான், ஏனென்றால் இரட்டைத் தலையின் இடத்தில் இந்தப் புது எலும்பு வந்திருக்கிறது. நண்பனின் நூறு மடங்கு அளவையும் அதன் மேட்ரிக்ஸே ஏற்றுக்கொள்கிறது.

விழுந்த பிறகு துரியோதனனின் நிழலுக்குத் தலை இல்லை. முகத்தின் நிழலை அந்த ஒரு ஆளுக்கு மட்டும் திரும்பப் போட்டேன். ஆக அந்தக் காட்சியில், உருளும் கிரீடத்தையும் அதன் நிழலையும் சேர்த்து 39.

தறிக்குழி | மே 16, காலை 7.25

நல்ல யோசனை. ஆள் மேடை ஓரத்தில் குதிக்கும்போது திடீரென்று மறைகிறாரா என்று ஒருமுறை பாருங்கள். சேர்த்த பிறகு `localBounds` சின்னதாக நின்றுவிட்டால் கேமரா அவரை வெளியே போனதாக எண்ணும்.

பாலாற்று மணல் | மே 16, இரவு 10.10

மறைந்தார். பீமன் குதித்த உச்சியில் காணாமல் போய், தரைக்கு வந்ததும் தோன்றினார். பெட்டியைக் கதாயுதம் எட்டும் அளவுக்குப் பெரிதாக்கினேன்.

தாடி மட்டும் பாக்கி. மயிர் ஓரம் ஒளிபுகும் மெட்டீரியல் கேட்கிறது, அது அட்லஸோடு ஒரே அழைப்பில் வராது. ஓரத்தை வெட்டி எறியும் ஷேடரைப் போட்டால் தாடி அட்டையில் வெட்டியதுபோல் இருக்கிறது. யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

மத்தளச் சத்தம் | மே 17, காலை 8.00

பேரன் போனில் போட்டுக் காட்டினான். அடவு பரவாயில்லை. தாடி எங்களுக்கும் அட்டை மாதிரிதான் இருக்கும், அதை விடுங்கள். ஆனால் கட்டைக்குக் கயிறு இன்னும் இல்லை.

பாலாற்று மணல் | மே 17, காலை 8.12

அட்லஸின் வலது மூலையில் 64 பிக்சல் காலியாக இருக்கிறது ஐயா. இன்று இரவு கயிறு வரைந்துவிடுகிறேன். அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் முடிவது இடது பக்கமா, வலது பக்கமா?